காலையில் திரும்பிய பற்று, பதினொரு மணிக்கு வந்த சம்பளம்: வங்கிகளுக்கும் கட்டண நிறுவனங்களுக்கும் ஒரு திறந்த மடல்

வங்கிகளின் நிர்வாகிகளுக்கும், வீட்டு வாடகை, மின்சாரம், குடிநீர், இணையம் ஆகியவற்றின் கட்டணங்களை எங்கள் கணக்குகளிலிருந்து மாதாமாதம் தானாகப் பிடித்துக்கொள்ளும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு வங்கியில், வாடிக்கையாளர் கணக்கிலிருந்து பணம் பிடிக்கக் கோரி நிறுவனங்கள் அனுப்பும் பற்றுக் கோப்புகளைச் செயலாக்கும் பிரிவில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தவள். நள்ளிரவுக்குப் பிறகு வரும் கோப்பில் இருக்கும் ஒவ்வொரு வரியையும் கணினி ஒரு கணக்கோடு பொருத்திப் பார்க்கும். பணம் இருந்தால் பிடிக்கும், இல்லையென்றால் ஒரு காரணக் குறியீட்டோடு திருப்பி அனுப்பும். திரும்பிய வரிகளின் பட்டியலைத்தான் நான் தினமும் காலையில் முதலில் திறந்து பார்ப்பேன். அந்தப் பட்டியலில் 'இருப்பு போதவில்லை' என்ற குறியீட்டோடு கிடந்த கணக்குகளில் பலவற்றில் அன்று மாலைக்குள் தேவையான பணம் வந்து சேர்ந்திருக்கும். இதை நான் வேலையில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே கவனித்தேன். ஆனாலும் அது என் வீட்டுக்குள் நடந்தபோதுதான், அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்னவெல்லாம் தொடர்கிறது என்பதை முழுதாகப் பார்த்தேன். அதை எழுதி, அதிலிருந்து சில கோரிக்கைகளை உங்கள் முன் வைக்கவே இந்த மடல்.

என் தங்கை தனியாக வாடகை வீட்டில் இருக்கிறாள். வாடகை, மின்சாரம், இணையம், குடிநீர் ஆகிய நான்குக்கும் ஆட்டோ டெபிட் போட்டிருந்தாள். கணக்கு எளிதாகப் புரிவதற்காக அவளுடைய மாதச் சம்பளத்தை 1000 பங்கு என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கேற்பச் சொல்கிறேன். வாடகை 400. இணையம் 30. குடிநீர் 20. மின்சாரம் வழக்கமாக 60 அளவில் வரும். சம்பளம் ஒன்றாம் தேதி. நான்கு பற்றுகளும் ஒன்றாம் தேதிதான். சம்பளம் வரும் நாளிலேயே எல்லாம் போய்விட்டால் மீதியை நிம்மதியாகச் செலவு செய்யலாம் என்பது அவள் எண்ணம். படிவத்தில் அந்தத் தேதியைப் பரிந்துரைத்ததும் நிறுவனங்கள்தான்.

அந்த மாதம் ஒன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. விடுமுறை என்பதால் சம்பளமும் பற்றுகளும் சேர்ந்தே திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போயின. ஞாயிறு இரவு அவள் கணக்கில் இருந்தது 430. மறுநாள் 1000 வரப்போகிறது, போகப்போவது ஐந்நூற்றுச் சொச்சம் என்று கணக்குப் போட்டுவிட்டு அவள் தூங்கப் போனாள். நாள் என்ற அளவில் பார்த்தால் அந்தக் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அவள் பார்க்காதது நேரத்தை. பற்றுக் கோப்பு அதிகாலையில் ஓடியது. அவள் வேலை பார்க்கும் இடத்தின் சம்பளக் கோப்பு அன்று காலை பதினொரு மணிக்குத்தான் வரவு வைக்கப்பட்டது.

இன்னொன்றும் அதே நாளில் சேர்ந்துகொண்டது. மின்சார நிறுவனம் அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் மீட்டரைப் பார்க்காமல் உத்தேச அளவில் கட்டணம் போட்டிருந்தது. அந்த மாதம் உண்மை அளவை எடுத்து, விட்டுப்போன வித்தியாசத்தையும் சேர்த்து 85 என்று கோரியது. பில் மின்னஞ்சலில் வந்திருந்தது. ஆனால் ஆட்டோ டெபிட் போட்டவர்கள் பில்லைத் திறந்து பார்ப்பது குறைந்துபோகும் என்பதும், அந்த மின்னஞ்சலின் தலைப்பில் தொகை இல்லை, 'உங்கள் பில் தயார்' என்று மட்டுமே இருந்தது என்பதும் உங்களுக்குத் தெரியாதவை அல்ல.

ஆக, அதிகாலையில் கணக்கில் 430; கோரிக்கைகள் 400, 85, 30, 20; மொத்தம் 535. அந்த வங்கியின் கணினி பெரிய தொகையிலிருந்து சிறிய தொகைக்கு வரும் வரிசையில் பற்றுகளை எடுக்கிறது. வாடகை 400 போனது; மீதி 30. மின்சாரத்துக்கு 85 இல்லை, திரும்பியது. இணையத்துக்கு 30 சரியாக இருந்தது, போனது, மீதி ஒன்றுமில்லை. குடிநீருக்கு 20 கேட்டபோது கணக்கு காலி, அதுவும் திரும்பியது. திரும்பிய ஒவ்வொரு பற்றுக்கும் வங்கி 10 அபராதம் விதித்தது. மின்சார நிறுவனம் தாமதக் கட்டணமாக 8, குடிநீர் நிறுவனம் 5 விதித்தன. குடிநீர்க் கட்டணமே 20 தான். அது சில மணி நேரம் தாமதமானதற்கு இரண்டு தரப்பிலும் சேர்ந்து அவள் கொடுத்தது 15.

மதியம் அவள் என்னை அழைத்தாள். "அக்கா, கணக்குல பணம் இருக்கு. ஆனா பணம் இல்லன்னு மெசேஜ் வந்திருக்கு" என்றாள். இரண்டும் உண்மைதான் என்று அவளுக்கு விளக்க எனக்கே சிறிது நேரம் பிடித்தது.

மின் இணைப்பைத் துண்டித்துவிடுவார்களோ என்ற பயத்தில் அன்று மாலையே அவள் மின்சார நிறுவனத்தின் செயலியில் 85-ஐயும் தாமதக் கட்டணம் 8-ஐயும் கையால் செலுத்திவிட்டாள். 'பணம் பெறப்பட்டது' என்று ரசீதும் வந்தது. புதன்கிழமை அதிகாலையில் அதே நிறுவனத்திலிருந்து 85-க்கு மறுபடியும் பற்றுக் கோரிக்கை வந்தது. கணக்கில் இப்போது சம்பளம் இருந்ததால் அது போயும் விட்டது. திரும்பிய பற்றை இரண்டு நாள் கழித்து மீண்டும் அனுப்புவது அவர்களுடைய வழக்கமாம். பணத்தைக் கையால் பெற்றுக்கொண்ட பிரிவும், மறு கோரிக்கை அனுப்பும் பிரிவும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. அதே புதனன்று குடிநீருக்கான 20-உம் அதன் தாமதக் கட்டணம் 5-உம் போயின. எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால் அவள் கணக்கில் 895 இருந்திருக்கும், இருந்தது 777. குறைந்துபோன 118-இல் 85, இரண்டாம் முறை பிடிக்கப்பட்ட மின் கட்டணம். மீதி 33, அபராதமும் தாமதக் கட்டணமும். கூடுதலாகப் பிடித்த 85-ஐத் திருப்பிக் கேட்டபோது, அது அடுத்த பில்களில் கழிக்கப்படும் என்றார்கள். மாத நடுவில் கைக்கு வேண்டிய பணம் இப்படி அவர்களிடம் முன்பணமாக உட்கார்ந்துகொண்டது.

இதை ஏழ்மையின் கதையாகவோ பொறுப்பில்லாதவளின் கதையாகவோ யாரும் படிக்க வேண்டாம். அந்த நாளில் அவளிடம் போதிய பணம் இருந்தது. சிக்கல் முழுவதும் நேரம், வரிசை, மறு கோரிக்கை ஆகிய மூன்றில் இருந்தது. மூன்றும் உங்கள் கையில் இருப்பவை. எங்களால் தொடக்கூட முடியாதவை.

முதலில் நேரத்தைச் சொல்கிறேன். ஒரு பற்று காலை ஐந்து மணிக்குத் தோற்றால், அதை அன்றே மாலை வரை நிலுவையில் வைத்திருந்து மீண்டும் ஒரு முறை பார்ப்பதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. பிரிட்டனில் பல வங்கிகள் இதைத்தான் செய்கின்றன: அதிகாலையில் பணம் போதவில்லை என்றால் வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்பி, பிற்பகலில் மறுபடியும் பார்த்து, அப்போதும் இல்லையென்றால்தான் திருப்பி அனுப்புகின்றன. என் தங்கையின் வங்கி இதைச் செய்திருந்தால் மேலே சொன்ன எதுவும் நடந்திருக்காது. பிற்பகலில் கணக்கில் 1000 இருந்தது. அதைவிட எளிய வழியும் உண்டு. ஒரே நாளுக்குரிய வரவுகளையும் பற்றுகளையும் சேர்த்து வைத்து, வரவுகளை முதலில் பதிந்துவிட்டுப் பிறகு பற்றுகளைப் பதிவது என்ற முறையைச் சில வங்கிகள் பின்பற்றுகின்றன. நாளின் முடிவில் ஒரே தடவையாகப் பதியும் வங்கியில் இது இயல்பாகவே அமையும். வந்தது வந்தபடி உடனுக்குடன் பதியும் வங்கிகளில்தான் அதிகாலைக் கோப்பு சம்பளத்தை முந்திவிடுகிறது. வேகமான முறைக்கு மாறியபோது இந்தப் பழைய பாதுகாப்பு ஓசையில்லாமல் போய்விட்டது என்பதை உங்களில் எத்தனை பேர் கவனித்தீர்கள் என்று தெரியவில்லை.

அடுத்தது வரிசை. அதே 430-ஐ வைத்துக்கொண்டு சிறிய தொகையிலிருந்து பெரியதற்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். குடிநீர் 20 போனால் மீதி 410. இணையம் 30 போனால் 380. மின்சாரம் 85 போனால் 295. வாடகை 400 தோற்கும். தோல்வி இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைகிறது, அபராதமும் பாதியாகிறது. ஆனால் தோற்றது வாடகை. வாடகை திரும்பினால் தாமதக் கட்டணம் பெரும்பாலும் வாடகையின் விழுக்காடாக இருக்கும். ஒப்பந்தத்தைப் பொறுத்து, ஒன்றிரண்டு முறை திரும்பிய பிறகு ஆட்டோ டெபிட்டையே ஏற்க மாட்டோம் என்று சொல்லும் உரிமையாளர்களும் உண்டு. அடுத்த வீடு தேடும்போது 'வாடகை ஒழுங்காக வந்ததா' என்ற கேள்விக்கு இந்த ஒரு திரும்பல் பதிலாகிவிடலாம். எனவே பெரியதிலிருந்து சிறியதா, சிறியதிலிருந்து பெரியதா என்ற இரண்டில் எது நல்லது என்று பொதுவாகச் சொல்லவே முடியாது. முன்னது வாடகையைக் காப்பாற்றி அபராதங்களின் எண்ணிக்கையைக் கூட்டும். பின்னது எண்ணிக்கையைக் குறைத்து வீட்டைப் பணயம் வைக்கும். தொகையின் அளவை வைத்து முடிவு செய்யும் எந்த வரிசையும் அந்தக் குடும்பத்துக்கு எது முக்கியம் என்பதை அறியாது. அதை அறிந்தவர் கணக்கு வைத்திருப்பவர் ஒருவர்தான். பணம் போதாத நாளில் எதை முதலில் கொடுக்க வேண்டும் என்று அவரையே குறித்துவைக்கச் செய்யலாம். ஒவ்வொரு பற்று ஆணைக்கும் பக்கத்தில் ஒரு முன்னுரிமை எண், அவ்வளவுதான் தேவை. அதுவும் முடியாத வங்கி, தான் எந்த வரிசையைப் பின்பற்றுகிறது என்பதையாவது கணக்கு தொடங்கும் படிவத்தில் ஒரு வரியில் எழுதலாம். பதினோரு ஆண்டுகள் உள்ளே இருந்த நானே, என் தங்கையின் வங்கியில் எந்த வரிசை என்பதை அந்த மாத அறிக்கையைப் பார்த்துத்தான் ஊகித்தேன்.

மூன்றாவது, மறு கோரிக்கை. இதில்தான் எனக்கு மிகுந்த வருத்தம். திரும்பிய பற்றை மீண்டும் அனுப்புவது தவறு என்று நான் சொல்லவில்லை. பல வீடுகளில் அதுவே இணைப்புத் துண்டிப்பைத் தடுக்கிறது. ஆனால் எத்தனை முறை, எப்போது, யாருக்குச் சொல்லிவிட்டு என்பதற்கு வரம்பு வேண்டும். அமெரிக்காவில் வங்கிகளுக்கிடையே மின்னணு வழியில் பணம் பிடிக்கவும் அனுப்பவும் உள்ள ஏசிஎச் முறையில் பணம் போதாமல் திரும்பிய பற்றை அதிகபட்சம் இரண்டு முறைதான் மீண்டும் அனுப்பலாம். அதுவும் முதல் கோரிக்கையிலிருந்து 180 நாட்களுக்குள். அப்படி அனுப்பும்போது அந்த வரியில் `RETRY PYMT` என்று குறித்திருக்க வேண்டும். இந்தக் குறி சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அறிக்கையைப் பார்ப்பவருக்கு இது புதிய பில்லா, பழையதன் மறு முயற்சியா என்பது அந்த ஒரு குறியால் விளங்கிவிடுகிறது. என் தங்கையின் அறிக்கையில் இரண்டு 85-களும் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி இருந்தன. கூடவே, ஒரே பில்லுக்கான மறு கோரிக்கை தோற்கும்போதும் வங்கி புதிதாக அபராதம் விதிக்கிறது. ஒரு பில் மூன்று முறை தட்டி மூன்று முறையும் திரும்பினால் மூன்று அபராதங்கள். தவறியது ஒரே ஒரு தவணைதான். ஒரு பில்லுக்கு ஓர் அபராதம் என்று நிறுத்திக்கொள்ளுங்கள் என்று கேட்பது பெரிய சலுகையைக் கேட்பதாகாது.

மறு கோரிக்கை அனுப்பும் முன், கையால் பணம் செலுத்தப்பட்டுவிட்டதா என்று பார்ப்பது நிறுவனங்களின் கடமை. பார்க்காமல் அனுப்பி இருமுறை பிடித்துவிட்டால், அந்தத் தொகையை அடுத்த பில்லில் கழிப்பதாகச் சொல்லாமல், பிடித்த கணக்குக்கே திருப்பி வைக்க வேண்டும். ஐரோப்பாவின் செபா நேரடிப் பற்று முறையில், தனிநபர் ஒருவர் தாம் ஒப்புதல் கொடுத்த பற்றாகவே இருந்தாலும் 8 வாரங்களுக்குள் காரணம் சொல்லாமல் தம் வங்கியிடமே திருப்பிக் கேட்கலாம். ஒப்புதலே கொடுக்காத பற்றாக இருந்தால் 13 மாதங்கள் வரை கேட்கலாம். பணம் போய்ச் சேர்ந்த நிறுவனத்தின் வாசலில் நின்று கெஞ்ச வேண்டியதில்லை. இப்படித் திருப்பிப் பெறுவதால் பில் தள்ளுபடியாகிவிடாது, கடன் கடனாகவே இருக்கும். ஆனால் தவறைச் சரிசெய்யும் வரை பணம் யார் கையில் இருக்கிறது என்பது மாறிவிடுகிறது. சம்பளத்தில் வாழ்பவருக்கு அந்த வேறுபாடு பெரியது.

இனி அறிவிப்பைப் பற்றி. வாடகை மாதாமாதம் ஒரே தொகை. மின்சாரமும் குடிநீரும் அப்படியல்ல. தொகை மாறும் பற்றுக்கு முன்னறிவிப்பு இல்லையென்றால், ஒப்புதல் என்பது வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்குச் சமம். இந்தியாவில் அட்டை, யுபிஐ வழியாகப் போடும் இ-மேண்டேட் என்ற மின்னணுப் பற்று ஆணைக்கு, பணம் பிடிக்க 24 மணி நேரம் முன்னதாகத் தொகையைக் குறிப்பிட்டு அறிவிப்பு அனுப்ப வேண்டும். அமெரிக்காவில் வழக்கமான தொகையிலிருந்து மாறுபடும் பற்றுக்கு 10 நாட்கள் முன்பே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். 24 மணி நேரம் என்பது பற்றை நிறுத்தப் போதும். பணம் திரட்டப் போதாது. 10 நாட்கள் இருந்தால் திரட்டலாம், ஆனால் பத்து நாள் முன்பு படித்த செய்தி அந்த நாளில் நினைவில் இருக்காது. ஆகையால் இரண்டும் வேண்டும்: பில் தயாரானதும் ஒன்று, பிடிப்பதற்கு முந்தைய நாள் ஒன்று. இரண்டிலும் முதல் வரியிலேயே தொகை இருக்க வேண்டும். முந்தைய நாள் அனுப்பும் செய்தியை வங்கியே அனுப்பினால் இன்னும் நல்லது. நாளைக்கு என்னென்ன கோரிக்கைகள் வரப்போகின்றன என்பது பல முறைகளில் வங்கிக்கு முன்னரே தெரிந்துவிடுகிறது. இப்போதைய இருப்பும் வங்கிக்குத் தெரியும். 'நாளை 535 போக வேண்டும், உங்களிடம் இருப்பது 430' என்று ஞாயிறு மாலை ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தால் என் தங்கை என்னிடமிருந்து 105-ஐ வாங்கிப் போட்டிருப்பாள். செவ்வாயன்று திருப்பியும் கொடுத்திருப்பாள்.

இருப்பு என்று திரையில் காட்டுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. கணக்கில் காட்டும் மொத்தத் தொகை வேறு, உண்மையில் பயன்படுத்தக்கூடிய தொகை வேறு. அட்டையில் செய்த முன்பதிவுக்காகச் சில நாட்கள் பிடித்துவைத்த தொகையும், போட்ட காசோலையின் இன்னும் வசூலாகாத தொகையும் மொத்தத்தில் கூடித் தெரியும். பற்று வரும்போது அவை கணக்கில் வராது. அமெரிக்க முறையில் இதற்குத் தனிக் குறியீடே இருக்கிறது: வெறுமனே பணம் இல்லாததற்கு `R01`, வரவு இருந்தும் அது இன்னும் வசூலாகாததற்கு `R09`. எங்களுக்கு வரும் செய்தியில் இரண்டுக்கும் ஒரே வாசகம்தான். செயலியின் முதல் திரையில் பெரிய எழுத்தில் காட்ட வேண்டியது பயன்படுத்தக்கூடிய தொகையை மட்டுமே.

வரம்புத் தொகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல ஆணைகளில், ஒரு தடவைக்கு இவ்வளவுக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று உச்சவரம்பு வைக்கலாம். அது நல்ல பாதுகாப்பு. ஆனால் பில் அந்த வரம்பைத் தாண்டினால், கணக்கில் தாராளமாகப் பணம் இருந்தாலும் பற்று திரும்பிவிடும்; நிறுவனத்தின் பார்வையில் அதுவும் ஒரு தவறிய தவணை. மின்சாரத்துக்கு வழக்கமான தொகைக்கு மிக நெருக்கமாக வரம்பு வைத்தவர்கள், உத்தேச அளவுக்குப் பிறகு உண்மை அளவு வரும் மாதத்தில் இதில் மாட்டுகிறார்கள். வரம்பால் திரும்பியதற்குத் தாமதக் கட்டணம் விதிக்கும் முன், கையால் செலுத்த நான்கைந்து நாள் அவகாசம் கொடுங்கள். அந்த வரம்பை வாடிக்கையாளர் வைத்ததே இப்படி ஒரு பில் வரும்போது நிறுத்திப் பார்ப்பதற்காகத்தான்.

எங்கள் பக்கம் செய்ய வேண்டியவை இருப்பதை நான் மறுக்கவில்லை. என் தங்கை இப்போது வாடகைக்கு ஆட்டோ டெபிட் வைத்திருக்கவில்லை. அதற்குப் பதிலாகத் தன் வங்கியிலிருந்து உரிமையாளரின் கணக்குக்கு மாதாமாதம் குறிப்பிட்ட தொகையை அனுப்பும் நிலையான ஆணை போட்டிருக்கிறாள். பார்வைக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தாலும், முன்னதில் எடுப்பவர் அவர்கள், பின்னதில் அனுப்புபவர் நாம். தொகை மாறாத வாடகைக்கு இது போதும். நாளையும் தொகையையும் அவளே மாற்றலாம், நிறுத்தலாம். அதிலும் பணம் இல்லாத நாளில் வாடகை போகாது, தாமதக் கட்டணம் வரும். ஆனால் யாரும் தாமாக மறு கோரிக்கை அனுப்பி இருமுறை எடுத்துவிட முடியாது. மற்ற மூன்று பற்றுகளையும் ஐந்தாம் தேதிக்கு மாற்றச் சொன்னாள். இரண்டு நிறுவனங்கள் மாற்றின. மூன்றாவது, ஒன்றாம் தேதி தவிர வேறு தேதி தங்கள் முறையில் இல்லை என்றது. அதற்காக அவள் கட்டணங்களுக்கென்றே தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, அதில் ஒரு மாதக் கட்டணங்களின் கூட்டுத்தொகையோடு, கடந்த ஓராண்டில் வந்த மிகப் பெரிய மின் பில்லுக்கும் வழக்கமான பில்லுக்கும் உள்ள வித்தியாசத்தையும் எப்போதும் விட்டுவைக்கிறாள். இது உதவுகிறது. ஆனால் ஒரு மாதக் கட்டணத்தை முன்கூட்டியே ஒதுக்கிவைக்க முடிந்தவருக்குத்தான் இது முடியும். மாதக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாதவருக்கு இந்த அறிவுரையால் பயனில்லை. அபராதம் அதிகமாகப் போய்ச் சேர்வதோ அவரிடம்தான்.

பணம் போதாதபோது வங்கியே கொடுத்துவிட்டுப் பிறகு வசூலிக்கும் ஓவர்டிராஃப்ட் வசதியைத் தீர்வாகச் சொல்பவர்கள் உண்டு. வட்டி மட்டும் வாங்கும் வசதியாக, முன்கூட்டிக் கேட்டுப் பெற்ற வரம்புக்குள் இருந்தால் அது உதவும். கேட்காமலே கொடுத்துவிட்டு ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு கட்டணம் என்று எடுக்கும் முறை, திரும்பியதற்கு விதிக்கும் அபராதத்தின் இன்னொரு பெயர்தான்.

இவற்றையெல்லாம் கட்டணக் கணக்காக மட்டும் நான் பார்க்காததற்கு ஒரு காரணம் உண்டு. சில இடங்களில் திரும்பிய பற்று சட்டத்தின் பார்வையில் குற்றமாகவும் ஆகலாம். இந்தியாவில் 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி, ஒரு கடனுக்காகக் கொடுத்த மின்னணுப் பற்று ஆணை பணமின்மையால் திரும்பி, முறைப்படி அறிவிப்பு அனுப்பிய பிறகும் தொகை செலுத்தப்படவில்லை என்றால், 2 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையோ, தொகையின் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். காசோலை திரும்புவதற்கு இருக்கும் அதே வகைப் பொறுப்பு இது. காசோலையில் தேதியும் தொகையும் எழுதிக் கையெழுத்திடுபவருக்குத் தான் என்ன செய்கிறோம் என்பது தெரியும். செயலியில் ஒரு கட்டத்தை டிக் செய்து ஓடிபி போடுபவருக்கு இவ்வளவு கனமான ஓர் ஆணையில் கையெழுத்திடுகிறோம் என்று யாரும் சொல்வதில்லை. அந்தக் கட்டத்துக்கு மேலே, பணம் போதவில்லை என்றால் என்ன ஆகும், எத்தனை முறை மீண்டும் கேட்போம், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பிடிப்போம், எப்படி நிறுத்தலாம் என்று நான்கு வரி எழுதுங்கள்.

நிறுத்துவதைப் பற்றி ஒரு வார்த்தை. நிறுவனத்திடம் ரத்து செய்யச் சொன்னால் வங்கியைக் கேளுங்கள் என்கிறார்கள். வங்கியிடம் போனால் நிறுவனம்தான் செய்ய வேண்டும் என்கிறார்கள். ஆணை எங்கள் கணக்கின் மீது இருக்கிறது. எனவே அதை நிறுத்தும் அதிகாரம் எங்கள் வங்கியின் வாசலில் இருக்க வேண்டும். பற்று நாளுக்கு 3 வேலை நாட்கள் முன்னதாகச் சொன்னால் வங்கி நிறுத்தியே ஆக வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. மற்ற இடங்களிலும் அதே போல ஒரு தெளிவான நாள் கணக்கு இருந்தால், பணம் வராது என்று முன்பே தெரிந்துவிட்ட மாதத்தில், திரும்பலும் அபராதமும் இல்லாமல் நாங்களே பேசி அவகாசம் வாங்கிக்கொள்வோம்.

இந்த மடலுக்குப் பதில் எழுத நினைக்கும் வங்கி நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பற்றுப் பிரிவில் உள்ளவர்களிடம், சென்ற மாதம் 'இருப்பு போதவில்லை' என்று திருப்பி அனுப்பிய கணக்குகளின் பட்டியலை எடுத்து, அதே நாள் மாலை ஆறு மணிக்கு அந்தக் கணக்குகளில் எவ்வளவு இருந்தது என்று பக்கத்தில் ஒரு நெடுவரிசையைச் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். அரை நாள் வேலைதான். நான் அந்த மேசையில் இருந்தவள், எனக்குத் தெரியும். மாலைக்குள் பணம் வந்துவிட்ட கணக்குகள் எத்தனை, அவற்றிடமிருந்து எடுத்த அபராதம் எவ்வளவு என்ற இரண்டு எண்களையும் உங்கள் பதிலின் முதல் வரியில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
பற்றுக் கோப்புகளோடு பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்த ஒருத்தி